புதுப்பிப்பு: பரிந்துரைக் கடிதத்துக்காக சாரைப் பார்த்துவிட்டேன்

முன்பு நான் கேட்டது: "அமெரிக்காவில் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கிறேன். பரிந்துரைக் கடிதம் பற்றிப் பேச சாரிடம் எப்படி நேரம் கேட்பது? மெயில் போட்டுப் பத்து நாளாகிறது, பதிலே இல்லை."

அந்த மெயிலில் "விரைவில் தேவை" என்று மட்டும் எழுதியிருந்தேன். இங்கே ஒரு அக்கா சொன்னபடி மாற்றி அனுப்பினேன்:

"சார், பரிந்துரைக் கடிதம் பற்றிப் பேச 15 நிமிடம் கிடைக்குமா? செவ்வாய் அல்லது வியாழன் மதியம் 3 மணிக்கு மேல் துறைக்கு வர முடியும். மூன்று விண்ணப்பங்கள்: இரண்டுக்கு டிசம்பர் 1, ஒன்றுக்கு டிசம்பர் 15 கடைசி நாள்."

அன்று மாலையே பதில் வந்தது. வியாழக்கிழமை மன்னார்குடியிலிருந்து பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போனேன்.

மதிப்பெண் பட்டியலை சார் திறக்கவே இல்லை. "மார்க்கை அவர்களே பார்ப்பார்கள். புராஜெக்டில் நீ எங்கே தடுமாறினாய், சொல்" என்றார். கிணற்று நீரின் உப்பளவு தப்பாக வந்து, மாதிரிகளை மறுபடி எடுத்த கதையைச் சொன்னேன். அதைத்தான் எழுதப்போகிறாராம்.

லெட்டர்ஹெட்டில் கையெழுத்து வாங்கச் சொன்ன அண்ணன் பாதி சரி. லெட்டர்ஹெட் வேண்டும், ஆனால் கடிதம் என் கைக்கு வராது. பல்கலைக்கழகம் சாருக்கே இணைப்பு அனுப்பும், அவரே ஏற்றுவார். முதல் இணைப்பு அவருடைய ஸ்பேமில் கிடந்தது! போனஃபைட் பற்றிச் சொன்ன தம்பி, அது கல்லூரியில் படித்ததற்கான சான்றிதழ், பரிந்துரைக் கடிதம் வேறப்பா.

டிசம்பர் 1 இரவு 11:59, அமெரிக்கக் கிழக்கு நேரம் என்றால் நமக்கு மறுநாள் காலை 10:29. சார் அதை நம்பவில்லை. "மழைக்காலம், கரண்ட் எப்போது போகுமோ" என்று நவம்பர் 20 குறித்துக்கொண்டார்.

இன்னொரு சிக்கல்: எனக்குக் கடிதம் தரும் இரண்டாவது மேடம் ஓய்வு பெற்றுவிட்டார், கல்லூரி மெயில் இல்லை. ஜிமெயில் போதுமா என்று மூன்று துறைகளுக்கும் எழுதியிருக்கிறேன். ஒன்றுதான் சரி என்றது.