கிணத்து நீர்மட்டம்: 10 பிட் ஏ.டி.சி.யில 6 மி.மீ.க்குக் கீழ இறங்கினவங்க இருக்கீங்களா?

வாவிக்கரை (மட்டக்களப்பு)
ஆர்டுயினோ யூனோ, 5 மீட்டர் பிரஷர் சென்சர், 0.5 முதல் 4.5 வோல்ட் வரை. ஒரு மி.மீ. தண்ணிக்கு 0.8 மி.வோல்ட் வருது. யூனோவின்ட ஒரு படி 4.88 மி.வோல்ட், அதாவது 6 மி.மீ. மோட்டர் நிண்ட மறுகா மணல் கிணத்தில ஊற்று எவ்வளவு வேகமா ஏறுதெண்டு பாக்க இது காணாது. வேற ஏ.டி.சி. வாங்காம சமாளிச்சவங்க எழுதுங்க.

கல்லடிப் பாலம்
100 தரம் வாசிச்சு, கூட்டி, 100ஆல பிரிச்சா முடிஞ்சுது. ஆடுறதெல்லாம் நிண்டுடும். A0வில ஒரு பெரிய கப்பாசிட்டரும் போடுங்க, இன்னும் சுத்தமா வரும்.

காரைதீவுப் பொடியன்
சென்சர் பழுது போல, மாத்துங்க.

சோல்டர் காக்கா (கல்முனை)
பழுதில்ல தம்பி, அவர் கேக்கிறது படியின்ட அளவு.

கல்லடித் தம்பி சொன்னதில பாதி சரி. முழு எண்ணாக் கூட்டி 100ஆல பிரிச்சா பின்னம் வெட்டுப்பட்டு திரும்பவும் 10 பிட்டுக்கே வந்து நிக்கும். ஆட்டம் குறையும், படி குறையாது. ஒரு பிட் கூட வேணுமெண்டா நாலு மடங்கு வாசிப்பு. 16 வாசிப்புக்கு 2 பிட், 256க்கு 4 பிட். கூட்டுத்தொகையை 256ஆல பிரிக்காம 16ஆல மட்டும் பிரிக்கணும். அந்த மிச்சத்துக்குள்ளதான் புது பிட் இருக்கு.

```
uint32_t s = 0;
for (int i = 0; i < 256; i++) {
  uint32_t t = micros();
  s += analogRead(A0);
  while (micros() - t < 156);
}
uint16_t v = s >> 4;
```

யூனோவில `int` 32767க்கு மேல போகாது, அதனாலதான் `uint32_t`. 156 மைக்ரோ செக்கன் வச்சதுக்கும் காரணம் இருக்கு. 256 வாசிப்பும் கிட்டத்தட்ட 40 மில்லி செக்கனில முடியும், நம்மட கரண்டின்ட 50 ஹேர்ட்ஸில ரெண்டு சுற்று. மோட்டர் வயர் பக்கத்தில ஓடினாலும் அந்த இரைச்சலின்ட மேலும் கீழும் கழிஞ்சிடும். சும்மா வேகமா வாசிச்சா சுற்று அரைகுறையா வெட்டுப்பட்டு, சராசரியே மெல்ல மெல்ல அலையும்.

கப்பாசிட்டர் விசயம்தான் கவனம். இந்த முறை உயிரோட இருக்கிறதே இரைச்சலாலதான். சிக்னல் 512க்கும் 513க்கும் நடுவில நிண்டு துளியும் ஆடாட்டி, ஆயிரம் தரம் வாசிச்சாலும் 512தான். ஆடினாத்தான் எத்தின தரம் 513 விழுந்ததெண்ட விகிதத்தில உண்மையான இடம் தெரியும். முதல்ல 200 வாசிப்பை அப்பிடியே சீரியல் மொனிட்டரில கொட்டிப் பாருங்க. மூணு நாலு எண் மாறி மாறி வந்தா நல்லம். ஒரே எண் வந்தா வேலை செய்யாது.

வாவிக்கரை
கொட்டிப் பாத்தன் காக்கா. தண்ணி அசையாதபோது 431 மட்டும்தான். எப்பவாவது ஒரு 432.

சோல்டர் காக்கா
அப்ப ஆட்டத்தை நாமளே குடுக்கணும். சென்சருக்கும் A0வுக்கும் நடுவில 1 கிலோ ஓம். A0வில இருந்து கிரவுண்டுக்கு 1 மைக்ரோ ஃபரட். 9ஆம் பின்னில `analogWrite(9, 128)`, அந்தப் பின்னில இருந்து 470 கிலோ ஓம் ஊடா A0வுக்கு. சதுர அலை கிட்டத்தட்ட முக்கோணமாகி 5 மி.வோல்ட் அளவுக்கு, அதாவது ஒரு படி அளவுக்கு ஆடும். கப்பாசிட்டரை விட்டா சதுரமாவே வரும், ரெண்டு மட்டத்துக்கு நடுவில ஒண்டும் நிரம்பாது. இந்த இணைப்பால சராசரி சில மி.வோல்ட் நகரும். அதனால போட்ட பிறகு திரும்ப அளவு ஒத்துப்பாருங்க.

அக்கரைப்பற்று இன்குபேட்டர்
என்ட இஎஸ்பி32, 12 பிட். குஞ்சு பொரிக்கிற பெட்டியில தெர்மிஸ்டர். 1024 வாசிச்சும் தேர்மாமீட்டரோட ஒத்து வரல்லயே?

சோல்டர் காக்கா
அது வேற நோய். அதின்ட ஏ.டி.சி. வளைவு, அடியிலயும் உச்சியிலயும் மோசம். சராசரி படியைச் சின்னதாக்கும், வளைவை நிமித்தாது. தெரிஞ்ச வோல்டேஜ் குடுத்துத் திருத்த அட்டவணை போடுங்க, இல்லாட்டி தெர்மிஸ்டரை நடு வீச்சில நிக்க வைங்க.

வாவிக்கரைக்கும் அதே கதைதான். 14 பிட்டில ஒரு படி 0.4 மி.மீ. எண்டு காட்டும். ஆனா சென்சரில 0.5% எண்டு எழுதியிருந்தா 25 மி.மீ. பிழை உள்ளயே இருக்கு. ஏற்ற வேகத்தை நம்பலாம், மொத்த ஆழத்தை நம்பாதீங்க. சென்சருக்கும் யூனோவுக்கும் ஒரே 5 வோல்ட் குடுங்க. வோல்டேஜுக்கு ஏத்தபடி அளவு மாறுற வகை சென்சரெண்டா அந்த ஆட்டம் ரெண்டு பக்கமும் கழியும்.

கல்லடிப் பாலம்
மோட்டர் ஓன் ஆகேக்க ஒரு பெரிய துள்ளல் வருமே? அதுக்கு மீடியன் எடுக்கிறது நல்லமில்லயா?

சோல்டர் காக்கா
256இன்ட மீடியன் எடுத்தா முழு எண்தான் வரும், புது பிட் போயிடும். நான் 256ஐ ஒரு தொகுதியாச் சராசரி போட்டு, அப்பிடி அஞ்சு தொகுதியில மீடியன் எடுப்பன். துள்ளல் வந்த தொகுதியையே தூக்கி எறியிறவங்களும் இருக்காங்க.

தண்ணிக் கணக்கு (அம்பாறை)
எறியிறதுதான் சரி, மீடியன் ஏற்றத்தைப் பின்னுக்கு இழுக்கும். அதை விடுங்க, வாவிக்கரை, உங்கட சென்சர் கேபிளுக்குள்ள காத்துக் குழாய் இருக்கா? இல்லாட்டி வெளிக்காத்தின்ட அழுத்தமும் சேர்ந்துதான் வரும். 1 ஹெக்டோ பாஸ்கல் மாறினா 10 மி.மீ. தண்ணி. நம்மட பக்கம் ஒரு நாளுக்குள்ளயே அது ரெண்டு மூணு ஹெக்டோ பாஸ்கல் ஏறி இறங்கும்.

வாவிக்கரை
கேபிள் நுனியைப் பசை போட்டு அடைச்சிருக்கு. வெட்டித்தான் பாக்கணும்.