புதுப்பிப்பு: பிரிட்டன் விசிட்டர் விசா மறுப்பு, மறுவிண்ணப்பத்தில் கிடைத்தது

முன்பு கேட்டது: "அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். கணக்கில் 6 லட்சம் இருந்தும் ஏன்? எதைத் திருத்தி மறுபடி போடுவது?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விசா வந்துவிட்டது.

வழிகாட்டியது மதுரை அண்ணன் சொன்னதுதான்: மறுப்புக் கடிதத்தின் கடைசியில் உள்ள விதி எண்ணை விட்டுவிட்டு, அதற்கு மேலே "உங்கள் கணக்கில்" என்று தொடங்கும் பத்தியை வரிவரியாகப் பிரிக்கச் சொன்னார். கடிதத்தில் இருந்த விதிகள் V 4.2(a), V 4.2(e): பயணம் முடிந்து திரும்புவார் என்பதும், செலவுக்குப் போதிய பணம் உண்டு என்பதும். ஆனால் பத்தி சொன்னது வேறு: ஓய்வூதியம் மாதம் 28,000, விண்ணப்பத்துக்கு 9 நாள் முன்பு ஒரே தவணையில் 4 லட்சம், அது எங்கிருந்து வந்தது என்று காட்டவில்லை. சிக்கல் தொகையில் இல்லை, அதன் மூலத்தில்.

அதனால் கூடுதல் பணம் போடவில்லை. அந்த 4 லட்சம் முதிர்ந்த வைப்பு நிதி. அதன் ரசீதையும், வரவு விழுந்த வரியைக் குறியிட்ட 6 மாத வங்கி அறிக்கையையும் வைத்தோம். செலவை ஏற்கும் தங்கையின் சம்பளச் சீட்டு, அவளுடைய வங்கி அறிக்கை இரண்டும் சேர்த்தோம். முதல்முறை தங்கையின் கடிதம் மட்டும்தான் கொடுத்திருந்தோம்.

"6 மாதம் காத்திருங்கள்" என்று பதில் சொன்ன அக்காவின் யோசனை பாதி சரி. கட்டாயக் காத்திருப்பு இல்லை. ஆனால் சான்று மாறாமல் போட்டால் அதே பதில்தான் வரும். கனடா விசாவுக்கு அதிகாரியின் கோப்புக் குறிப்பைக் கேட்டு வாங்கும் வழி இங்கே பொருந்தாது.

எதிர்பாராதது: படிவம் முந்தைய மறுப்பைக் கேட்கிறது. மறைக்காதீர்கள், ஏமாற்று என்று எடுத்துக்கொண்டால் 10 ஆண்டுத் தடைவரை போகலாம். கூடவே வைத்த வீட்டுப் பத்திரம் உதவியதா என்பது மட்டும் தெரியவில்லை.