சென்னை நிறுவனம் ஸ்டுட்கார்ட்டில் குழு அமைக்கும்போது: பண்பாட்டு மதிப்பெண்கள் எதைச் சொல்லும்?

வழித்துணை: எங்கள் சென்னை மென்பொருள் நிறுவனம் ஸ்டுட்கார்ட்டில் 12 பேர் கொண்ட குழுவை அமைக்கவுள்ளது. மேலாளர் இங்கிருந்து செல்கிறார், மற்றவர்கள் ஜெர்மானியர்கள். நாடுகளின் பண்பாட்டை எண்களால் அளந்த ஆய்வாளர் ஹோஃப்ஸ்டீடின் மதிப்பெண்களை ஒப்பிட்டு, உரசல் எங்கே வரும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

தராசு: நிச்சயம் முடியும். அதிகார ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்று காட்டும் அதிகார இடைவெளியில் இந்தியா 77, ஜெர்மனி 35. தெளிவற்ற நிலை மக்களை எவ்வளவு சங்கடப்படுத்துகிறது என்று காட்டும் நிச்சயமின்மையைத் தவிர்க்கும் போக்கில் இந்தியா 40, ஜெர்மனி 65. முதலாவதில் வேறுபாடு 42, இரண்டாவதில் 25. ஆகவே பெரிய உரசல் மேலாளரின் அதிகாரத்தைப் பற்றியதாக இருக்கும். திட்டமிடலையும் ஆவணங்களையும் பற்றிய உரசல் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும்.

புறவழி: இதை ஏற்க முடியாது. இந்த எண்களின் அடித்தளம் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் நடத்தப்பட்ட கருத்தாய்வு. ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டையே அளந்துவிட முடியுமா? ஆய்வாளர் மெக்ஸ்வீனி 2002இல் எழுப்பிய இந்தக் கேள்விக்கு மனநிறைவான பதிலை நான் இன்னும் காணவில்லை. ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேரப்போகும் 11 பேர் ஜெர்மனியின் சராசரி அல்லர்.

நெய்தல்: சராசரியைத் தனிமனிதர் மேல் ஏற்றக்கூடாது என்பதில் புறவழியுடன் உடன்படுகிறேன். ஆனால் எல்லாரும் ஒரே நிறுவனத்தில் ஒத்த வேலைகளைச் செய்தவர்கள் என்பதால்தான் எஞ்சிய வேறுபாட்டை நாட்டின் வேறுபாடாகக் கொள்ளலாம் என்பது ஹோஃப்ஸ்டீடின் வாதம். அதை முழுமையாக ஏற்காவிட்டாலும், எண்ணுக்குப் பின்னால் என்ன கேள்வி இருந்தது என்று பார்ப்பது பயன் தரும்.

அதிகார இடைவெளிக்கான கேள்விகளுள் ஒன்று, மேலாளரிடம் மாற்றுக் கருத்தைச் சொல்ல ஊழியர்கள் எவ்வளவு அடிக்கடி அஞ்சுகிறார்கள் என்பது. இது உங்கள் வேலைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. வெளியீட்டுத் தேதியைப் பேசும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். சென்னையில் பலர் முன்னிலையில் மேலாளரை மறுக்காத பொறியாளர், கூட்டம் முடிந்தபின் தனியாக வந்து “கொஞ்சம் சிரமம் சார்” என்று சொல்லக்கூடும். அந்த மேலாளரும் அதை எதிர்பார்த்தே இருப்பார். ஸ்டுட்கார்ட்டில் பரிசோதனைப் பொறியாளர், வாடிக்கையாளர் முன்னிலையிலேயே “இந்தத் தேதி நடக்காது” என்று சொல்லிவிடக்கூடும். மேலாளர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார். பொறியாளரோ தம் கடமையைச் செய்ததாக நினைப்பார். மாறாக, தம் மறுப்பைக் குறிப்பால் புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்த்து மேலாளர் மௌனம் காத்தால், அதைச் சம்மதமாகக் கொண்டு குழு வேலையைத் தொடங்கிவிடும்.

நிச்சயமின்மைக்கான மதிப்பெண் அப்படிப்பட்டதன்று. நிறுவன விதியை நிறுவனத்தின் நன்மைக்காகக்கூட மீறக்கூடாதா, இங்கே இன்னும் எத்தனை ஆண்டுகள் பணியாற்ற விரும்புகிறீர்கள், வேலையில் எவ்வளவு அடிக்கடி பதற்றம் அடைகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளிலிருந்து அது கிடைத்தது. ஆவணங்களைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு அளவைகளும் வெவ்வேறு கேள்விகளால் ஆனவை என்பதால், தராசு 42ஐயும் 25ஐயும் ஒரே தட்டில் வைத்து “பாதிக்குச் சற்று மேல்” என்று சொல்வது பொருந்தாது.

ஒரகடம்: நான் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் இங்குள்ள ஆலையில் பணியாற்றினேன். ஜப்பானின் அதிகார இடைவெளி 54தான், இந்தியாவைவிடக் குறைவு. ஆயினும் எந்தத் தீர்மானமும் கூட்டத்தில் பிறக்காது. அதற்கு முன்பே துறைதோறும் தனித்தனியாகப் பேசி இசைவு பெற்றிருப்பார்கள். கூட்டத்தில் எங்கள் பொறியாளர்கள் முன்வைத்த புதிய யோசனைகளுக்குப் பதில் வராததால், அவற்றை மதிக்கவில்லை என்றே நினைத்தோம்.

நெய்தல்: வழித்துணை கேட்டது எதிர்த்திசையில் செல்லும் குழுவைப் பற்றி; இருந்தாலும் உங்கள் அனுபவம் பொருத்தமானதுதான். தீர்மானம் எந்த இடத்தில் உருவாகிறது என்பதை 54 என்ற எண் காட்டவில்லை.

புறவழி: அப்படியானால் எண் எதற்கு? கூட்டத்தில் மறுப்பு எப்படி வெளிப்படும் என்று நேரடியாகக் கேட்டுவிடலாமே. மேலும், நீங்கள் பண்பாடு என்று பார்க்கும் பலவும் ஜெர்மனியில் சட்டம். மாலையில் வேலையை நிறுத்திவிட்டுப் போகும் ஊழியரைச் சென்னை மேலாளர் ஈடுபாடற்றவர் என்று எண்ணலாம். ஆனால் அங்கே ஒரு நாளின் வேலை 8 மணி நேரம், நீட்டித்தாலும் 10 மணி நேரம், பின்னர் சராசரியை 8க்குக் கொண்டுவர வேண்டும். 5 ஊழியர்கள் இருந்தாலே பணியாளர் மன்றம் தேர்ந்தெடுக்க உரிமை உண்டு. அப்படியொரு மன்றம் அமைந்துவிட்டால், வேலையைக் கண்காணிக்கும் மென்பொருளை அதன் இசைவின்றி நிறுவ முடியாது.

வழித்துணை: பணிநேரத்தைப் பதியும் எங்கள் மென்பொருள் திரைப்பதிவும் எடுக்கும். அதை அங்கும் நிறுவவே திட்டமிட்டிருந்தோம்.

நெய்தல்: அதை நிறுத்திவைத்து, முதலில் அங்குள்ள தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைக் கேளுங்கள். மேலாளருக்கு ஒரு நடைமுறையைப் பரிந்துரைக்கிறேன். தேதியைப் பேசும் கூட்டத்துக்கு முந்தைய நாளே ஒவ்வொருவரும் தம் மதிப்பீட்டையும், அது எந்த நிபந்தனைகளில் பொருந்தும் என்பதையும் எழுத்தில் அனுப்பட்டும். மறுப்பு அப்போதே வந்துவிட்டால் வாடிக்கையாளர் முன் யாரும் திகைக்க வேண்டியதில்லை. முதல் சில வெளியீடுகளில், சிக்கல் தெரிந்த நாளுக்கும் மேலாளரின் காதுக்கு எட்டிய நாளுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்து வையுங்கள். அது குறையாவிட்டால் உரசல் வெளியே தெரியாமல் தொடர்கிறது என்று கொள்ளலாம்.

தராசு: ஒப்பீட்டுப் பிழையை ஏற்கிறேன். ஆனால் 77க்கும் 35க்கும் உள்ள தூரம் கண்ணில் படாமல் இருந்திருந்தால், இந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது.

புறவழி: வாகனத் துறையில் நீண்ட காலம் பணியாற்றிய சென்னைப் பொறியாளர் எவருக்கும் அது எண் இல்லாமலே தோன்றியிருக்கும்.