கலைச்சொல் தேவை: பிந்தி வரும் ஒலி, கத்தும் ஸ்பீக்கர்

கதிர்: வணக்கம். போனை மைக்காகவும் ப்ளூடூத் ஸ்பீக்கரை ஒலிபெருக்கியாகவும் வைத்து ஒரு சிறு அறையில் பேசுவதற்கான கையேட்டைத் தமிழில் எழுதுகிறோம். பேச்சு பிந்தி வருவதற்கு ஒரு சொல், ஸ்பீக்கர் 'கூ' என்று கத்துவதற்கு ஒரு சொல் வேண்டும். கத்துவதை ஆங்கிலத்தில் 'feedback' என்பதால் 'பின்னூட்டம்' என்று போட்டால் வாசகர் கருத்து என்று படித்துவிடுவார்கள்.

செல்வம்: பிந்துவதால்தானே கத்துகிறது? 'சுணக்க ஊளை' என்று ஒரே சொல்லாக வைத்துவிடலாம்.

மாலதி: வேண்டாம் செல்வம், சேர்த்தால் பயனர் தவறான இடத்தைச் சரிசெய்யப் போவார். ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பிப் புகுந்து, ஒவ்வொரு சுற்றிலும் முன்பைவிடப் பெரிதாவதால்தான் ஊளை வருகிறது. வயர் போட்டு தாமதத்தைக் குறைத்தாலும் கத்தும். ஆனால் வேறுபாடு காதுக்குத் தெரியும்: வயரில் சட்டென்று கீச்சிடும், ப்ளூடூத்தில் ஒரு சுற்றுக்கே கால் நொடி வரை ஆவதால், முதலில் 'ஹலோ... லோ... லோ' என்று அடுக்கி வந்து பிறகுதான் ஊளையாகும். அந்த அடுக்கு கேட்டதுமே ஒலியைக் குறைக்க வேண்டும்.

ஊளைக்கு மருந்து இடம்தான். ஸ்பீக்கர் பேசுபவருக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, கேட்போரைப் பார்த்து இருக்கட்டும். போனின் கீழ்விளிம்பில் உள்ள மைக்கை வாயிலிருந்து 20 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். அந்த அளவுக்கு ஸ்பீக்கரைக் குறைத்துக்கொள்ளலாம்.

தாமதத்துக்கு மருந்து வயர்தான். 200 மில்லிநொடி என்பது 68 மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். தன் குரலே அப்படிப் பிந்தி வந்தால் பேசுபவரின் நாக்கு தடுமாறும். ஸ்பீக்கரில் ஆக்ஸ் துளை இருந்தால் 3.5 மி.மீ. கேபிள் போடுங்கள். அதன் பிறகும் கொஞ்சம் பிந்தும், ஏனென்றால் போனில் உள்ள செயலியும் நேரம் எடுக்கும்.

ரகு: என் டிவியில் படம் பார்க்கும்போது உதடு முன்னே போகிறது, ஒலி பின்னே வருகிறது. அதற்கும் இதே சொல்தானா?

மாலதி: தாமதம் அதேதான் ரகு. ஆனால் அங்கே படத்தை நிறுத்தி வைத்து ஒலியோடு சேர்த்துவிடலாம். நேரில் பேசுபவரை நிறுத்தி வைக்க முடியாதே!

செல்வம்: சரி, பிரித்துவிடுவோம். 'ஒலிச்சுணக்கம்', 'மீள்ஊளை' எப்படி?

கதிர்: 'ஒலிச்சுணக்கம்' எனக்குப் பிடித்திருக்கிறது. அதை அளக்கும் வழியையும் எழுதிவிடலாமா?

மாலதி: எழுதலாம். இரண்டாவது போனை ஸ்பீக்கருக்கும் மைக் போனுக்கும் நடுவில் வைத்துப் பதிவு செய்யுங்கள். மைக் போனுக்குப் பக்கத்தில் ஒருமுறை கைதட்டுங்கள். பதிவை ஒலித்திருத்தியில் திறந்தால் இரண்டு முள் தெரியும், இடைவெளிதான் ஒலிச்சுணக்கம். ஒலியைக் குறைத்து வைத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது, நான்காவது முள்ளும் வந்து குழப்பும்.

'மீள்ஊளை' மட்டும் எனக்கு ஒட்டவில்லை. ஒலி அமைப்பவர்கள் 'மைக் கத்துது' என்பார்கள். வெறும் 'ஊளை' போதும் என்பது என் எண்ணம்.

செல்வம்: வெறும் ஊளை என்றால் நாய் நினைவுக்கு வருகிறது. நான் மீள்ஊளைக்குத்தான் வாக்களிப்பேன்.