புதுப்பிப்பு: கோத்தகிரிக் காட்சிகள் ஒருவழியாக ஒட்டிவிட்டன

நான் முன்பு கேட்டது: "ஒரே தேயிலைத் தோட்டம், முதல் நாள் மூடுபனி, மறுநாள் வெயில். அடுத்தடுத்து வைத்தால் இரண்டு படங்கள் போலிருக்கிறது. வெளிச்சத்தையும் நிறத்தையும் பொருத்த எங்கே தொடங்குவது?"

இரண்டுக்கும் ஒரே லட், அதாவது ஆயத்த நிற மாற்றக் கோப்பு, போடச் சொன்னார் ஒருவர். போட்டேன், வேறுபாடு அப்படியே நின்றது. லட் போடுவது கடைசி வேலை. இன்னொருவர் கேமராவை மாற்றச் சொன்னார். கேமரா ஒன்றுதான் ஐயா!

வழி காட்டியவர் கல்யாண வீடியோ தொகுக்கும் அண்ணன்: "பனியை வெயிலாக்க முடியாது தம்பி, வெயிலைப் பனிப்பக்கம் இழு."

முதலில் வெளிச்சம். வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தில் பனிக் காட்சியின் கருமை 15 சதவீதத்தில் நின்றது, வெயிலில் 3. வெயில் காட்சியில் இருண்ட பகுதிகளை ஆளும் லிஃப்டை ஏற்றி, வெளிச்சப் பகுதிகளை ஆளும் கெயினை இறக்கிப் பொருத்தினேன். பிறகுதான் நிறம். இரண்டிலும் தெரியும் சுண்ணாம்புச் சுவரை, சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் தனித்தனியே காட்டும் பரேடில் பார்த்தேன்: பனியில் நீலம் மேலே, வெயிலில் சிவப்பு மேலே. வெயில் காட்சியில் நீலத்தை ஏற்றிச் சிவப்பை இறக்கினேன். முதல் முறை சுவரின் நிழல் பகுதியை அளந்து ஏமாந்தேன். அங்கே வானத்தின் நீலம் ஏற்கெனவே படிந்திருந்ததால் நடிகையின் முகம் மஞ்சளாகவே நின்றது. கடைசியாகத் தேயிலையின் பச்சையை மட்டும் சற்று மங்கவைத்தேன்.

நடிகையின் தாடைக்கடியில் விழும் கூர்மையான வெயில் நிழல் மட்டும் போகவில்லை. அந்த ஷாட்டை வெட்டலாமா என்று அண்ணனும் நானும் இன்னும் வாதாடுகிறோம்.