பொருள்: ஈரலில் முதலிலேயே கழிந்துபோவதற்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

பொற்கொடி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

போதை மீட்பு மையங்களில் பணியாற்றும் செவிலியர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஐந்தாம் அதிகாரத்தில் வண்டி நின்றுவிட்டது. ஒரே பொருளை விழுங்கினால் ஒரு மாதிரியும், மூக்கில் இழுத்தால், புகைத்தால், ஊசியில் ஏற்றினால் வேறு வேறு மாதிரியும் ஏன் வேலை செய்கிறது என்பது அந்த அதிகாரம்.

மூக்கால் செய்வதையும் உறிஞ்சுதல் என்கிறோம். உடல் மருந்தை உள்வாங்கிக்கொள்வதையும் உறிஞ்சுதல் என்கிறோம். என் வரைவில் "மூக்கால் உறிஞ்சிய கொக்கெய்ன் மெதுவாக உறிஞ்சப்படுகிறது" என்று ஒரு வாக்கியம் கிடக்கிறது. பார்க்கவே கூசுகிறது. அடுத்தது, விழுங்கிய மருந்து உடலெங்கும் பரவும் முன்பே ஈரலில் ஒரு பகுதி அழிந்துபோகும் நிகழ்வு. அகராதியில் "முதற்கடப்பு வளர்சிதைமாற்றம்" என்று இருக்கிறது. இதைப் படித்து யாருக்கு என்ன விளங்கும்?

குகன் (யாழ்ப்பாணம்) எழுதியது:

முதல் சிக்கலுக்கு எங்கள் பாடநூல்களில் எப்போதோ தீர்வு கண்டாயிற்று. உடல் உள்வாங்குவது அகத்துறிஞ்சல். மூக்கால் இழுப்பதை இழுத்தல் என்றே விட்டுவிடலாம். வளர்சிதைமாற்றம் என்ற நீண்ட கோவைக்கும் எங்களிடம் அனுசேபம் என்ற சிறிய சொல் இருக்கிறது.

மாசிலாமணி எழுதியது:

அனுசேபம் தமிழா? நண்பர் பொறுத்தருள வேண்டும். அகத்துறிஞ்சல் நல்ல சொல், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சித்த மருத்துவத்தின் புறமருந்து முப்பத்திரண்டில் "உறிஞ்சல்" என்பதே தனி ஒரு முறை என்பதை மறந்துவிடக் கூடாது. நசியம், புகை, பீச்சு ஆகியவையும் அந்தப் புறமருந்துப் பட்டியலில்தான் வருகின்றன. மூக்கில் விடுவதையும் புகை பிடிப்பதையும் உண்ணும் மருந்தோடு சேர்க்காமல் நம் முன்னோர் பிரித்து வைத்தார்கள் என்றால், இந்த அதிகாரத்தின் கருத்து அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றுதானே பொருள்?

மருத்துவர் வசந்தி எழுதியது:

இல்லை ஐயா. அந்தப் பட்டியலில் கட்டும் பற்றும் அட்டைவிடலும்கூட இருக்கின்றன. அதிலிருந்து ஈரலைப் பற்றி எதையும் இழுத்துக்கொண்டு வர முடியாது.

பொற்கொடி, சொல்லைத் தேடும் முன் நிகழ்வைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரைப்பையிலிருந்தும் குடலிலிருந்தும் திரும்பும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. வாயிற்சிரை வழியாக முதலில் ஈரலுக்குள் நுழைகிறது. ஈரலின் நொதிகள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் மிச்சம் இதயத்துக்குப் போகிறது. மார்ஃபினைப் பாருங்கள். ஊசியில் 10 மில்லிகிராம் தரும் வலித் தணிப்பை வாய்வழியே பெற ஏறத்தாழ 30 மில்லிகிராம் வேண்டும். விழுங்கிப் பழகியவர் அதே அளவை ஊசியில் ஏற்றிக்கொண்டு மூச்சு அடங்கிப்போவது இந்தக் கணக்கு தெரியாததால்தான். உங்கள் சொல்லில் இந்த ஆபத்து கேட்க வேண்டும்.

சுந்தரம் எழுதியது:

எனக்கு நெஞ்சுவலிக்கு மாத்திரை தந்திருக்கிறார்கள். வலி வந்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ள வேண்டுமாம், விழுங்கக் கூடாதாம். இரைப்பை அமிலம் அதைக் கரைத்து வீணாக்கிவிடும் என்பதால்தானே? அப்படியானால் "அமில அழிவு" என்று வைத்துவிடலாமே.

மருத்துவர் வசந்தி எழுதியது:

சுந்தரம் ஐயா, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். ஆனால் காரணம் அமிலம் இல்லை, ஈரல்தான். நாக்கடியில் உள்ள சிரைகள் ஈரலைத் தொடாமல் இதயத்துக்குப் போகின்றன. அதனால் மருந்து ஓரிரு நிமிடங்களில் வேலையைத் தொடங்குகிறது. அதை விழுங்கினால் ஈரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். மிச்சமும் தாமதமாகத்தான் வரும். உங்கள் மருத்துவர் சொன்னபடியே செய்யுங்கள்.

மாசிலாமணி எழுதியது:

ஈரல் நுழைவாயிலில் நின்று பங்கு பெறுகிறது என்று மருத்துவர் சொன்னதுமே எனக்குச் சொல் கிடைத்துவிட்டது: ஈரலுல்கு. உல்கு என்றால் சுங்கம். "உல்கு பொருள்" என்று வள்ளுவரே ஆண்டிருக்கிறார். நாக்கடி மருந்தை "உல்கிலி மருந்து" எனலாம். முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்ற பெயர் இருப்பதால் "சுங்கம் தவிர்த்த மருந்து" என்றும் சொல்லலாம். உல்கு என்ற சொல்லின் வேர் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

அரவிந்த் எழுதியது:

தயவுசெய்து வேண்டாம் ஐயா. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் ஈரலுல்கு என்பதைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைப்பார். "ஃபர்ஸ்ட் பாஸ்" என்று தமிழ் எழுத்தில் போட்டு நகருங்கள்.

இன்னொன்று. ஊசிதான் எல்லாவற்றிலும் வேகம், நேரே இரத்தத்தில் சேர்கிறது. புகை அதற்கு அடுத்து, மூக்கு அதற்கும் அடுத்து, வாய் கடைசி. அதிகாரத்தில் புகையை ஊசிக்குச் சமமாக வைத்திருப்பது மொழிபெயர்ப்புப் பிழையாக இருக்கும்.

மருத்துவர் வசந்தி எழுதியது:

பிழை இல்லை. கைச் சிரையில் ஏற்றியது முதலில் இதயத்தின் வலப்பக்கம் சேர்ந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போய், திரும்பி இடப்பக்கம் வந்து, அதன் பிறகே மூளைக்கு ஏறுகிறது. புகை நுரையீரலிலேயே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. பாதி வழி குறைந்துவிடுகிறது. அதனால்தான் சிகரெட்டின் நிக்கோட்டின் 10 முதல் 20 விநாடிகளில் மூளையை எட்டுகிறது. மூக்குக்கு வேறு தடை. கொக்கெய்ன் இரத்தக்குழாய்களைச் சுருக்கும்; தான் நுழையும் வாசலைத் தானே ஒடுக்கிக்கொள்கிறது. ஒரு பகுதி தொண்டையில் வடிந்து வயிற்றுக்கும் போகிறது.

இந்த அதிகாரத்தில் ஈரலைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை நோரா வோல்கோவ் குழுவினர் மூளைப் படமெடுப்பில் ஆராய்ந்தார்கள். விழுங்கினால் மூளையில் உச்ச அளவு சேர ஏறத்தாழ 60 நிமிடம் ஆகிறது. சிரையில் செலுத்தினால் 10 நிமிடத்துக்குள் சேர்ந்துவிடுகிறது. ஈரல் கழித்தது போகப் போதிய அளவு விழுங்க வைத்தால், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைனை மீட்டெடுக்கும் மூளைப் புரதங்கள் ஊசியில் அடைபட்ட அளவுக்கே இங்கும் அடைபடுகின்றன. ஆனால் விழுங்கியவர்கள் பொதுவாகக் கிறக்கத்தை உணர்வதில்லை, ஊசியில் பெற்றவர்கள் உணர்கிறார்கள். அதே குழு 2000இல் வெளியிட்ட கொக்கெய்ன் ஆய்விலும், மூளையில் அந்தப் புரதங்களின் அடைப்பு ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தபோதே மூக்கில் இழுத்தவர்களைவிடப் புகைத்தவர்கள் கூடுதல் கிறக்கத்தைச் சொன்னார்கள். எவ்வளவு சேர்ந்தது என்பதோடு எவ்வளவு விரைவாக ஏறியது என்பதும் மூளைக்குக் கணக்கு. விரைந்து ஏறியது விரைந்து இறங்கவும் செய்யும், அதனால் கை மறுபடி தேடும்.

பொற்கொடி எழுதியது:

நன்றி டாக்டர். அப்படியானால் அளவுக்கு ஒரு சொல், ஏறும் வேகத்துக்கு ஒரு சொல் என்று பிரித்தே ஆக வேண்டும். பின்னதற்கு "ஏறுவேகம்" போதும் என்று நினைக்கிறேன். வினைத்தொகை, இடையில் வல்லினம் மிகாது. மாசிலாமணி ஐயா அங்கீகரிப்பார். முன்னதற்கு "முதற்சிதைவு"?

மாசிலாமணி எழுதியது:

ஏறுவேகம் குற்றமற்றது. முதற்சிதைவு சுவையற்றது.

மருத்துவர் வசந்தி எழுதியது:

சுவை இருக்கட்டும், "கல்லீரல் முதற்சிதைவு" என்று நோயாளியிடம் சொன்னால் ஈரல் கெட்டுவிட்டது, இது முதல் கட்டம் என்றுதான் புரிந்துகொள்வார். குடிநோயாளிகள் அமரும் அறையில் அந்தச் சொல் வேண்டவே வேண்டாம்.

குகன் எழுதியது:

"ஈரற்கழிவு"?

அரவிந்த் எழுதியது:

கழிவு என்றால் கழிவறை நினைவுக்கு வருகிறது, இல்லாவிட்டால் துணிக்கடைத் தள்ளுபடி. "முதற்சுற்று இழப்பு" என்று வையுங்கள். சுற்று என்றால் இரத்தச் சுற்று. இழப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல்.

பொற்கொடி எழுதியது:

இது பிடித்திருக்கிறது. ஒரு பத்தியில் பொருத்திப் பார்க்கிறேன், டாக்டர் திருத்த வேண்டும்:

"பியூப்ரெனார்ஃபின்–நலோக்சோன் மாத்திரையில் போதை மீட்புச் சிகிச்சைக்கான முன்னது நான்கு பங்கு, ஹெராயின் போன்றவற்றின் செயலைத் தடுக்கும் பின்னது ஒரு பங்கு. நாக்கடியில் வைத்தால் பியூப்ரெனார்ஃபின் போதிய அளவு இரத்தத்தில் சேர்கிறது. நலோக்சோன் அங்கே சிறிதளவே சேர்கிறது. விழுங்கப்பட்ட பகுதி முதற்சுற்று இழப்பில் ஏறக்குறைய முழுதும் போய்விடுகிறது. ஆனால் ஹெராயினுக்கு அடிமையானவர் இதை ஊசியில் ஏற்றினால் நலோக்சோன் இழப்பின்றி மூளையை அடைந்து, சில நிமிடங்களில் விலகல் அறிகுறிகளைக் கிளப்பும்."

மருத்துவர் வசந்தி எழுதியது:

சரியாக இருக்கிறது. ஒரு வரி சேருங்கள்: ஏற்கெனவே பியூப்ரெனார்ஃபினில் நிலைபெற்றவருக்கு அந்த அறிகுறிகள் லேசாகவே வரலாம், வராமலும் போகலாம், ஏனெனில் பியூப்ரெனார்ஃபின் மூளையின் ஏற்பிகளை இறுகப் பற்றிக்கொள்கிறது. இது முழுப் பூட்டு என்று செவிலியர்கள் நம்பிவிடக் கூடாது. மாத்திரையைக் கரைத்து ஏற்றினால் அதிலுள்ள நிரப்புப் பொருள்கள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும் என்பதையும் எழுதுங்கள். எந்த மாத்திரைக்கும் அது பொருந்தும்.

குகன் எழுதியது:

"இழப்பு" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கோடீன் ஈரலில்தானே மார்ஃபினாக மாறுகிறது? அங்கே வலி போக்கும் வலிமை ஈரலில்தான் பிறக்கிறது. விழுங்கிய ஹெராயினும் மார்ஃபினாகத்தான் வெளியே வருகிறது. "முதற்சுற்று மாற்றம்" என்பதே எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அரவிந்த் எழுதியது:

மாற்றம் என்றால் எதற்கும் பொருந்தும், பணியிட மாற்றத்துக்கும்.

மருத்துவர் வசந்தி எழுதியது:

குகன் சொல்வது வேதியியலில் சரி. எனினும் இந்தக் கையேட்டில் செவிலியருக்குத் தெரிய வேண்டியது "வாயில் போனது குறையும், ஊசியில் போனது குறையாது" என்பதுதான்.

மாசிலாமணி எழுதியது:

உல்கு என்றால் இந்தச் சண்டையே வராது. உல்கு என்பது பெறுவதைத்தான் சொல்கிறது. பெற்ற பொருள் பிறகு என்னவாகிறது என்பதைச் சொல்வதில்லை.

பொற்கொடி எழுதியது:

ஐயா, தர்க்கத்தில் நீங்கள் வென்றுவிட்டீர்கள், ஆனாலும் அச்சுக்கு அனுப்ப முடியாது. முதற்சுற்று இழப்பு, அகத்துறிஞ்சல், ஏறுவேகம் என்று முடிக்கிறேன். கோடீன் வரும் பத்தியில் மட்டும் முதற்சுற்று மாற்றம். அட்டவணையில் வாய், நாக்கடி, மூக்கு, புகை, ஊசி என்று ஐந்து பத்திகள். பொதுத் தலைப்பு "புகுவழி".

குகன் எழுதியது:

ஒரே நிகழ்வுக்கு ஒரே நூலில் இரண்டு சொல். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மருத்துவர் வசந்தி எழுதியது:

அட்டவணையில் "ஊசி" ஒரே பத்தியாக இருக்கக் கூடாது. சிரையில் போட்டது விநாடிகளில் மூளைக்குப் போகும். தசையில் போட்டது அங்கேயே தேங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கசியும். இரண்டிலும் முதற்சுற்று இழப்பு இல்லை, ஆனால் ஏறுவேகம் வேறு. இன்றிரவே பிரித்துவிடுங்கள்.