கறையைத் துடைத்தால் பூவேலையும் தட்டையாகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். சிங்கப்பூரின் ஜூ சியாட் வட்டாரத்தில் உள்ள ஒரு பழைய கடைவீட்டின் முகப்பு. புதுப்பித்தபின் எப்படி இருக்கும் என்று ரெண்டர் காட்ட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை உரிமையாளரைச் சந்திக்கிறோம்.

பிளெண்டரில் சுவர் வெறும் தட்டைப் பலகைதான். எதிர்ச்சாரியிலிருந்து எடுத்த படத்தை அதன்மேல் படியவைத்திருக்கிறேன். தூண்தலை இலைகள், சன்னலுக்கு மேலுள்ள சுண்ணாம்பு மாலை எல்லாம் அந்தப் படத்தில் மட்டுமே உள்ளன.

போட்டோஷாப்பில் படத்தை மங்கல் அடுக்கு, நுணுக்க அடுக்கு என்று பிரித்தேன். வெறும் சுவரில் இருந்த விரிசல்கள் நுணுக்க அடுக்கில் சுலபமாகப் போய்விட்டன. மாலைக்குள் ஓடும் விரிசல் இதழ் விளிம்பின் அளவே இருப்பதால், அங்கே மட்டும் கையால்தான் ஒட்ட வேண்டியிருந்தது. அது பரவாயில்லை.

சிக்கல் கறையில். மழைநீர் வடிந்து பாசி படிந்த கருப்புக் கோடுகள் சன்னல் விளிம்புக்குக் கீழே தொடங்குகின்றன. விளிம்பின் நிழலும் அங்கேதான் விழுகிறது. மங்கல் அடுக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கறையை வெளுத்தால் நிழலும் போய், மாலை ஸ்டிக்கர் மாதிரி தெரிகிறது. மங்கல் ஆரத்தைக் கூட்டினால் கறை நுணுக்க அடுக்குக்குத் தாவிவிடுகிறது. நிறத்தை வைத்துப் பிரிக்கவும் பார்த்தேன்: வெளிர்பச்சைச் சுவரில் பாசியும் நிழலும் ஒரே சாம்பல்தான்.

பூவேலை முழுவதையும் முப்பரிமாணத்தில் செதுக்க நேரமில்லை. சன்னல் விளிம்பை மட்டும் மாடல் செய்து அதன் நிழலைத் தனியாக எடுத்து, வெளுத்த படத்தின்மேல் பெருக்கினால் போதுமா, இல்லை மாலைக்கும் அப்படியே செய்தாக வேண்டுமா?